கேம் கன்சோல் நெட் அறுந்துகொண்டே இருக்கிறது: ரவுட்டருக்கு எப்போது ஃபர்ம்வேர் அப்டேட், எப்போது ஃபேக்டரி ரீசெட்?

பிஎஸ்5-ல கேம் நடுவுல நெட் கட் ஆகிட்டே இருக்கு. ரவுட்டரை ரீசெட் பண்ணிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஒருமுறை ரீசெட் செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அதில் நெட் கம்பெனி கொடுத்த யூசர் நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோய், முதலில் கேம் மட்டும் நின்றது, இப்போது வீட்டில் யாருக்குமே நெட் இல்லை என்ற நிலையில் வந்து நிற்பார்கள். ரீசெட் கடைசி வேலை, ஃபர்ம்வேர் அப்டேட் அதற்கு முந்தைய வேலை. இரண்டுக்கும் முன்னால் தொடர்பு எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் போதும். கீழே நான்காவது கேள்வியில் அது இருக்கிறது.

ரீஸ்டார்ட், ரீசெட், ஃபர்ம்வேர் அப்டேட் எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதானே?

இல்லை, மூன்றும் மூன்று வேறு இடத்தைத் தொடுகிற வேலை. ரீஸ்டார்ட் என்பது ரவுட்டரை அணைத்துப் போடுவது. தற்காலிக நினைவில் இருப்பது மட்டும் போகும், நீங்கள் வைத்த வைஃபை பெயர், பாஸ்வேர்டு எதுவும் மாறாது. ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். அதை அப்டேட் செய்தால் மென்பொருள் மாறும், உங்கள் செட்டிங்ஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃபேக்டரி ரீசெட் இதற்கு நேர் எதிர், செட்டிங்ஸ் எல்லாம் அழிந்துவிடும், மென்பொருள் அப்படியே இருக்கும்.

இதனால்தான் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செய்து பயனில்லை. மென்பொருளில் பிழை இருந்தால் பத்து முறை ரீசெட் அடித்தாலும் அதே பிழை திரும்ப வரும். செட்டிங்ஸில் கோளாறு என்றால் புது ஃபர்ம்வேர் போட்டும் அதே கோளாறு தொடரும்.

ஆனா போன்ல யூடியூப் நல்லாத்தான் ஓடுது. அப்போ ரவுட்டர் நல்லாதானே இருக்கு, பிஎஸ்5-தானே ரிப்பேர்?

இந்த முடிவுக்கு வருமுன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபை நொடிநேரம் தடுமாறினால் போன் சத்தமில்லாமல் சிம் நெட்டுக்குத் தாவிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. யூடியூப் வேறு பல நொடிக்கான வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். ஆன்லைன் கேமுக்கு இந்தச் சலுகை கிடையாது, சில நொடி பாக்கெட் வரவில்லை என்றாலே சர்வர் உங்களை வெளியே தள்ளிவிடும். அதனால் எல்லோருக்கும் அறுகிற நெட், கேம் ஆடுகிறவர் கண்ணில் மட்டும் படுகிறது.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஒரு லேன் கேபிளை ரவுட்டரிலிருந்து நேராக பிஎஸ்5-ல் செருகி ஒரு மாலை முழுக்க ஆடுங்கள். கேபிளில் அறுகவே இல்லை என்றால் பிரச்சினை வைஃபை பக்கம். கேபிளிலும் அறுகிறது என்றால் வைஃபையை மறந்துவிடுங்கள், பெரும்பாலும் ரவுட்டரோ வெளி லைனோதான். கேபிள் நீளம் போதவில்லை, டிவி வேறு அறையில் என்று சொல்பவர்களுக்கு: கன்சோலைத் தூக்கி ரவுட்டர் பக்கத்தில் ஒருநாள் வையுங்கள், டிவி இல்லாவிட்டால் ஒரு பழைய மானிட்டர் போதும்.

சரி, ரவுட்டருக்குள்ள போய் எதைப் பார்க்கணும்?

பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் `192.168.0.1` அல்லது `192.168.1.1`, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில் இரண்டு நேரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று ரவுட்டர் எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்பது, இன்னொன்று வெளி இணைப்பு எவ்வளவு நேரமாக அறுகாமல் இருக்கிறது என்பது. பெயர் மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றில் ஒன்றுதான் தெரியும், மற்றதை சிஸ்டம் லாக் பக்கத்தில் தேட வேண்டும். இப்படி இருக்கும்:

```
System Uptime: 9 days 04:12:37
WAN Uptime:    0 days 00:02:08
```

கேமில் நெட் அறுந்த உடனே, எதையும் அணைத்துப் போடாமல், இந்தப் பக்கத்தைத் திறங்கள். மேலே உள்ள மாதிரி ரவுட்டர் ஒன்பது நாளாக ஓடுகிறது, வெளி இணைப்பு மட்டும் இரண்டு நிமிடமாகத்தான் இருக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபைபர் லைனையும் நெட் கம்பெனியையும்தான். ஃபைபர் மோடத்தில் அந்த நேரம் `LOS` விளக்கு சிவப்பாக எரிந்திருந்தால் கண்ணாடி இழையில் ஒளியே வரவில்லை என்று பொருள், புகார் கொடுப்பதைத் தவிர நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு நேரமும் சில நிமிடங்கள்தான் காட்டுகிறது என்றால் ரவுட்டரே அணைந்து எழுந்திருக்கிறது. இரண்டும் நாள்கணக்கில் ஓடுகிறது, ஆனாலும் பிஎஸ்5 அறுந்தது என்றால் ரவுட்டருக்கும் கன்சோலுக்கும் நடுவில், அதாவது பெரும்பாலும் வைஃபையில் கோளாறு.

ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டால் இந்தத் தடயம் எல்லாம் அழிந்துவிடும். நிறைய ரவுட்டர்களில் லாக்கும் சேர்ந்து போய்விடும். கோபத்தில் ஸ்விட்சைத் தட்டுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் தானா அணைஞ்சு மறுபடி ஆன் ஆகுதுன்னு தெரிஞ்சிடுச்சு. இப்போ ஃபர்ம்வேர் அப்டேட்தானே?

அதற்கும் முன்னால் அடாப்டரைப் பாருங்கள். நம் வீடுகளில் கரண்ட் போய்ப்போய் வருவதால் ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதிகம். அதன் பேட்டரி பழசானாலோ, அடாப்டர் பழசானாலோ, ரவுட்டருக்கு அதிகக் கரண்ட் தேவைப்படும் நேரத்தில் வோல்டேஜ் கீழே இறங்கும், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பிஎஸ்5 நூறு ஜிபி கேம் ஒன்றை இறக்கும்போதோ, சாயங்காலம் வீட்டில் எல்லோரும் நெட்டில் இருக்கும்போதோதான் இது நடக்கும் என்பதால் ஃபர்ம்வேர் கோளாறு மாதிரியே தோன்றும்.

யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். முடிந்தால் அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை வாங்கி மாட்டிப் பாருங்கள். வோல்ட் மட்டும் மாறக்கூடாது, 12 என்றால் 12-தான். அப்படியும் அணைந்து எழுகிறது, தொட்டால் கொதிக்கவும் இல்லை என்றால் அப்புறம் ஃபர்ம்வேர் மேல் சந்தேகப்படலாம்.

அப்போ உண்மையிலேயே ஃபர்ம்வேர்தான் காரணம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தூத்துக்குடியில் என் சித்தி பையன் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். கடையில் தனியாக வாங்கிய வைஃபை 6 ரவுட்டர், அதற்கு முன்னால் ஃபைபர் மோடம், டிவி பக்கத்தில் பிஎஸ்5. பத்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கேம் அறுகும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தால் போன்களில் ஒன்றுமே அறுகவில்லை. ரவுட்டரின் இரண்டு நேரமும் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கேபிள் போட்டால் பிஎஸ்5-ம் அறுகவில்லை. ஆக, இந்த ரவுட்டரின் வைஃபைக்கும் இந்தக் கன்சோலுக்கும் மட்டும் ஒத்துப்போகவில்லை.

அடுத்ததாக ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் மோடை `802.11ax`-லிருந்து `802.11ac`-க்கு, அதாவது வைஃபை 6-லிருந்து வைஃபை 5-க்கு இறக்கச் சொன்னேன். அறுகுவது நின்றுவிட்டது. மறுபடி ஏற்றச் சொன்னேன், அன்றைக்கே அறுந்தது. தூரம், சுவர், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் இரண்டு மோடிலும் ஒன்றுதான். மாறியது வைஃபை 6-ஐக் கையாளும் விதம் மட்டும்தான். இதற்குப் பிறகுதான் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் புது ஃபர்ம்வேரைத் தேடினோம். அதன் குறிப்பில், சில வைஃபை 6 சாதனங்கள் துண்டிக்கப்படும் பிழை சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அப்டேட் செய்தான், அறுகுவது நின்றது.

ஃபர்ம்வேர் மேல் பழிபோட எனக்கு இந்த மாதிரி சாட்சி வேண்டும். ஒரு அம்சத்தைப் போட்டால் வரும், எடுத்தால் போகும், புது வெளியீட்டுக் குறிப்பிலும் அதற்கு ஒத்த வரி இருக்கும். இன்னொன்று: `ac` மோடில் நன்றாக ஓடுகிறது, புது ஃபர்ம்வேரும் வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு ஆடலாம். கேம் ஆட ஆகும் டேட்டா ரொம்பக் குறைவு, வைஃபை 5 தாராளமாகப் போதும்.

அப்டேட் பண்ணும்போது கரண்ட் போனா ரவுட்டர் செத்துடுமாமே?

சாகலாம். பழைய மென்பொருளை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்ட் போனால் சில மாடல்கள் எழுந்திருக்காது. சிலவற்றில் மீட்பு வழி இருக்கிறது, ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்திலோ, கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்திலோ செய்யுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்துச் செய்யுங்கள், வைஃபையில் வேண்டாம். விளக்கெல்லாம் அணைந்து ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தாலும் பத்து நிமிடம் தொடாதீர்கள்.

இதைவிட அதிகம் நடக்கும் தப்பு வேறு. ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சிப் வைத்து விற்பார்கள், அதைப் பிரித்துக் காட்டுவது ஸ்டிக்கரில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் `V2`, `V3` மாதிரியான ஹார்ட்வேர் வெர்ஷன்தான். அந்த வெர்ஷனுக்கும் உங்கள் நாட்டுக்கும் உரிய ஃபைலைத்தான் எடுக்க வேண்டும். இறக்கியது `.zip` என்றால் பிரித்து உள்ளே இருப்பதைக் கொடுங்கள். பீட்டா பக்கம் போகாதீர்கள், இப்போது இருக்கும் தலைவலி போதும்.

நெட் கம்பெனி கொடுத்த மோடம்தான் வைஃபையும் கொடுக்குது. அதையும் நானே அப்டேட் பண்ணலாமா?

வேண்டாம். அந்தப் பெட்டிக்கு ஃபர்ம்வேரைத் தூரத்திலிருந்து அனுப்புவது அவர்கள் வேலை, பெரும்பாலும் உங்கள் லாகினில் அந்த மெனுவே தெரியாது. அதே மாடல் என்று இணையத்தில் எங்கோ கிடைத்த ஃபைலைப் போட்டால் அவர்கள் நெட்வொர்க்கோடு பேச முடியாமல் போகலாம். மேலே சொன்ன நேரங்களின் போட்டோவையும், எந்த நேரத்தில் அறுந்தது என்பதையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோ சார்" என்று சொல்வதைவிட இதற்கு மதிப்பு உண்டு.

இந்த மோடத்தில் ரீசெட் பட்டனை அழுத்துவது அதைவிட ஆபத்து. நெட் கம்பெனி கொடுத்த `PPPoE` யூசர் நேம், பாஸ்வேர்டு, விலேன் எண், சில இடங்களில் ஃபைபர் பக்கத்துப் பதிவு விவரம்கூட அழிந்து, லைன்மேன் வரும்வரை நெட் இருக்காது. சனிக்கிழமை ராத்திரி செய்தால் திங்கட்கிழமைதான்.

அப்போ ஃபேக்டரி ரீசெட் எப்பத்தான் பண்ணணும்?

செட்டிங்ஸ் கெட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகப்படக் காரணம் இருக்கும்போது. சித்தி பையன் கதையே இதற்கும் உதவும். அப்டேட்டுக்குப் பிறகு அறுகுவது நின்றது, ஆனால் பிஎஸ்5-ல் நெட்வொர்க் டெஸ்ட் போட்டால், வெளியிலிருக்கும் மற்ற கன்சோல்களோடு எவ்வளவு எளிதாக இணைய முடியும் என்று காட்டும் `NAT Type` முன்பு 2 என்று இருந்தது 3 ஆகிவிட்டது, நண்பர்களோடு பார்ட்டியில் பேச முடியவில்லை. கேம் தனக்கு வேண்டிய போர்ட்டை, அதாவது உள்ளே வரும் வழியை, ரவுட்டரில் தானே திறந்துகொள்ள உதவும் `UPnP` ஆன் என்றுதான் காட்டியது, ஆனால் எந்தச் சாதனம் எந்த போர்ட்டைத் திறந்திருக்கிறது என்ற பட்டியல் காலி. ஆஃப் செய்து ஆன் செய்தும் காலி. பழைய மென்பொருள் எழுதிவைத்த செட்டிங்ஸைப் புது மென்பொருள் சரியாகப் படிக்காதபோது இப்படி ஆகும். ஆன் என்று பக்கம் சொல்லும், வேலை நடக்காது. ரீசெட் செய்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டதும் கேமைத் திறந்தவுடன் பட்டியலில் பிஎஸ்5 வந்துவிட்டது.

இது தவிர, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரவுட்டர், வருடக்கணக்கில் யார்யாரோ போர்ட் ஃபார்வர்டிங்கும் வேகக் கட்டுப்பாடும் போட்டுவைத்த ரவுட்டர், அட்மின் பாஸ்வேர்டே மறந்துபோன ரவுட்டர், இவற்றுக்கெல்லாம் ரீசெட் நியாயம்தான். செய்வதற்கு முன் வெளி இணைப்புப் பக்கத்தையும் வைஃபை பக்கத்தையும் போட்டோ எடுங்கள். `PPPoE` பாஸ்வேர்டு திரையில் புள்ளியாகத்தான் தெரியும், அதை நெட் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ரவுட்டர் ஓடும்போதே ஊசியால் ரீசெட் துளையைச் சுமார் பத்து நொடி, விளக்குகள் மாறும்வரை அழுத்த வேண்டும். தட்டிவிட்டு எடுத்தால் சிலவற்றில் வெறும் ரீஸ்டார்ட்தான் ஆகும்.

செட்டிங்ஸை பேக்கப் எடுத்து, ரீசெட் பண்ணிட்டு, திரும்ப ரீஸ்டோர் பண்ணிட்டா வேலை ஈஸிதானே?

ஈஸிதான், ஆனால் எந்தக் கோளாறைத் துடைக்க ரீசெட் செய்தீர்களோ அதையே ஃபைலில் கட்டி எடுத்துவந்து திரும்ப வைக்கிறீர்கள். போட்டோவைப் பார்த்துக் கையாலேயே போடுங்கள். வெளி இணைப்பு, வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இவ்வளவுதான் முதலில். ஒரு நாள் ஆடிப் பார்த்துவிட்டு மற்றதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையபடியே வைத்தால் வீட்டிலுள்ள மற்ற போன்கள் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ரீசெட் பண்ணா ரவுட்டர் வாங்கினப்போ இருந்த பழைய ஃபர்ம்வேருக்குப் போயிடுமா?

வழக்கமாகப் போகாது. இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான், ரீசெட் மென்பொருளைத் தொடாது. அப்டேட் செய்து வைத்திருக்கும் புது வெர்ஷனே இருக்கும், செட்டிங்ஸ் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்குப் போகும்.

இந்த வித்தியாசம் கேமுக்கு வெளியேயும் முக்கியம். 2025 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான ஆசுஸ் ரவுட்டர்களில் யாரோ கள்ள வழி திறந்துவைத்திருந்ததை கிரேநாய்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அந்த வழி ரவுட்டரின் சாதாரண செட்டிங்ஸ் மூலமாகவே திறக்கப்பட்டிருந்ததால் ஃபர்ம்வேர் அப்டேட் செய்தபின்னும் அப்படியே இருந்தது. அதைத் துடைக்க ஃபேக்டரி ரீசெட் தேவைப்பட்டது. ரவுட்டரில் உங்களுக்குத் தெரியாத செட்டிங் எதையாவது பார்த்தால் முதலில் அப்டேட், பிறகு ரீசெட், பிறகு புது அட்மின் பாஸ்வேர்டு.

எனக்கு 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கிற எல்லாமே ஒரே நேரத்துல அறுந்து, ஒரு நிமிஷம் கழிச்சு தானா வருது. ரவுட்டர் அணையவும் இல்ல. இது எந்த வகை?

இது பெரும்பாலும் ரேடார். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துகின்றன. அந்தச் சேனலில் ரேடார் மாதிரி ஒரு சிக்னல் கேட்டால் ரவுட்டர் சில நொடிக்குள் அதைவிட்டு விலக வேண்டும் என்பது விதி. விலகிப் போகும் இடமும் அதே வகைச் சேனல் என்றால் அங்கே ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பத் தொடங்கும். அந்த ஒரு நிமிடம்தான் உங்கள் ஒரு நிமிடம். உண்மையான ரேடார் இல்லாமலேயே தப்பாகப் புரிந்துகொண்டும் ரவுட்டர் விலகும். லாகில் `radar` அல்லது `DFS` என்ற சொல் தென்படும்.

சேனலை `Auto`-விலிருந்து எடுத்து 36, 40, 44, 48-ல் ஒன்றிலோ, இருந்தால் 149-லோ நிலையாக வையுங்கள். அப்டேட்டும் வேண்டாம், ரீசெட்டும் வேண்டாம். ரீசெட் செய்தால் சேனல் மறுபடி `Auto`-வுக்குப் போய்க் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அப்டேட், ரீசெட் ரெண்டும் பண்ணியாச்சு, இன்னும் `NAT Type 3`. இப்போ என்ன?

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். `192.168` என்று தொடங்கினால் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இருக்கும் மோடமும் ரவுட்டராக ஓடுகிறது. மோடம் ரவுட்டர் வேலையைச் செய்யாமல் இருக்க அதைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி நெட் கம்பெனியிடம் கேளுங்கள், அல்லது உங்கள் ரவுட்டரை வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டுவிடுங்கள். அந்த முகவரி `100.64` முதல் `100.127` வரைக்குள் இருந்தால் ஒரே பொது முகவரியை நெட் கம்பெனி பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இதை ரவுட்டரில் எந்தப் பட்டனை அழுத்தியும் மாற்ற முடியாது. தனிப் பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், சில கம்பெனிகள் மாதக் கட்டணத்தோடு தருவார்கள், சிலர் தரவே மாட்டார்கள்.

`NAT Type 3` இருப்பதற்கும் கேம் பாதியில் அறுகுவதற்கும் நேரடி உறவு குறைவு. பார்ட்டி சாட், நண்பர்கள் ரூமில் சேர்வது, இவைதான் இதனால் கெடும். நெட் அறுகுவதுதான் பிரச்சினை என்றால் நான்காவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

என் ரவுட்டருக்கு அப்டேட் வந்தே ரொம்ப வருஷம் ஆச்சு. புதுசு வாங்கணுமா?

கேம் அறுகுவதற்காக மட்டும் என்றால் முதலில் கேபிள் போட்டுப் பாருங்கள், பழைய ரவுட்டரும் கேபிளில் ஒழுங்காக ஓடும். ஆனால் தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்டதாக அறிவித்த மாடல் என்றால் மாற்றத்தான் வேண்டும், அதில் இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கப் போவதில்லை. புதிதாக வாங்குமுன் அந்த மாடலின் டவுன்லோடு பக்கத்தைத் திறந்து கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.